91 கட்டத்தில நாலு மாற்றம்: உப்புவெளி கடை ஒண்டின்ர ரொஸ்டர் மெசேஜ் கதை

திருகோணமலை உப்புவெளியில கடற்கரை றோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு ரெஸ்டோரன்ட்டில நான் பின்னேரங்களில கணக்குப் பாக்கிறனான், சம்பளக் கணக்குக்காக வரவுப் புத்தகமும் ரொஸ்டரும் ரெண்டுமே என்ர கையில வரும், அதால எவர் எப்ப வரச் சொல்லி எழுதியிருந்தது, எவர் எப்ப வந்தவர் எண்டு பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாக்கிற ஒரே ஆள் நான்தான். கடையின்ர பேர் வேண்டாம். மொத்தம் 13 பேர், ஏப்ரல் முடிய சீசன் தொடங்கினா செப்டம்பர் மட்டும் ஓய்வில்லாத இடம். ஆக்களின்ர பேருக்குப் பதிலா வேலையை வச்சே எழுதுறன்: மனேஜர் அண்ணா, கிரில் தம்பி, கொத்து நானா, கசியர் அக்கா, மற்ற கசியர் தங்கச்சி, பாத்திரம் கழுவுற அன்ரி, இப்பிடி.

கதை 2025 ஆகஸ்ட் 8 வெள்ளிக்கிழமை. அந்த நாளை ரொஸ்டர் போடுற எவரும் லேசில மறக்க மாட்டினம், ஏனெண்டா நிக்கினிப் போயாவும் ஆடி வெள்ளியும் ஒரே நாளில விழுந்தது. போயா வெள்ளியில வந்தா கொழும்புச் சனத்துக்கு மூண்டு நாள் லீவு, வியாழன் இரவே வானில வெளிக்கிட்டு விடிய திருகோணமலையில நிக்கும். போயாவில சாராயம் பியர் விக்கேலாது, ஆனா சாப்பாட்டுச் சனம் குறையாது, கூடத்தான் செய்யும். வெள்ளி எண்டபடியா கொத்து நானாவும் மூதூர் வெயிட்டர் தம்பியும் ஜும்மாவுக்குப் போகவேணும், பதினொண்டே முக்காலுக்குப் போனா ரெண்டு மணிக்குத்தான் திரும்ப ஏப்ரனைக் கட்டுவினம். ஆடி வெள்ளி எண்டபடியா கசியர் அக்கா பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகவேணும் எண்டு முதலே கேட்டு வச்சிருந்தவ. ஒரே மத்தியானத்துக்கு எல்லாப் பக்கத்தாலயும் இழுவை.

முதல் ரொஸ்டர் 3ஆம் திகதி ஞாயிறு போட்டாச்சு. எக்செல் சீட்டைக் கம்பியூட்டர் ஸ்கிரீனில வச்சுப் போனால போட்டோ எடுத்து வட்ஸ்அப் குரூப்பில போடுறதுதான் வழமை. 13 பேர், 7 நாள், 91 கட்டம், ஒவ்வொண்டிலயும் ஏ, பி, சி எண்டு ஒரு எழுத்து. ஏ எண்டா காலை 10 தொடங்கி பின்னேரம் 6, பி எண்டா பின்னேரம் 5 தொடங்கி இரவு 11, சி எண்டா நடுவில விட்டுச் செய்யிற ஷிஃப்ட், அதாவது 10 தொடங்கி 3, பிறகு 6 தொடங்கி 9.

புதன் பின்னேரம் ஒரு புக்கிங் வந்தது, 35 பேர், வெள்ளி மத்தியானம், முழு மீன் கிரில் வேணும். மத்தியானத்தில கிரில் அடுப்பே மூட்டுறதில்லை இந்தக் கடையில, அது இரவு வேலை. உடன மனேஜர் அண்ணா நாலு மாற்றம் செய்தவர். கிரில் தம்பி பியில இருந்து ஏ. ஓஃபில இருந்த வெயிட்டர் ஒராள் 11 தொடங்கி 3 மட்டும். கசியர் அக்காவையும் கசியர் தங்கச்சியையும் காலை பின்னேரம் மாத்தி விட்டது. பாத்திரம் கழுவுற அன்ரி 3 மணிக்குப் போகாமல் 5 மட்டும் நிக்கிறது. (கசியர் மாத்தினதை நான் ஒரு மாற்றமாக் கணக்கெடுக்கிறன், ஆனா அது ரெண்டு பேரைத் தொடுற மாற்றம், அதுதான் பிறகு பிரச்சினையே.) மாத்தினதில பிழை ஒண்டுமில்லை, நான் இண்டைக்குப் பாத்தாலும் அதே நாலைத்தான் செய்வன்.

அனுப்பின விதம்தான் கதை. கடை பூட்டி, காசு எண்ணி முடிச்சு, புதன் இரவு பத்தே முக்காலுக்குப் பிறகு சீட்டைத் திரும்பப் போட்டோ எடுத்து "நியூ ரொஸ்டர், எல்லாரும் பாருங்கோ, பாத்தவை ஓகே போடுங்கோ" எண்டு ஒரு வரியோட குரூப்பில போட்டவர். அதே குரூப்பிலதான் மீன்காரர் அனுப்பின பாரைமீன் போட்டோவும், ஆருக்கோ பிறந்தநாள் கேக்கும், காஸ் முடிஞ்சுது எண்டதும் கிடக்கு. வியாழன் மத்தியானம் பாக்கேக்க 9 பேர் பெருவிரல் போட்டிருந்தினம். 9 பேர் போட்டா மிச்சப்பேரும் பாத்திருப்பினம்தானே எண்டு விட்டாச்சு.

வெள்ளி பதினொண்டரைக்குக் கிரில் அடுப்பில கரி இல்லை, ஆளும் இல்லை. போன் எடுத்தா தம்பி வீட்டில, "அண்ணா நான் அஞ்சுக்குத்தானே" எண்டுறார். அவர் பெருவிரல் போட்ட ஒன்பது பேரில ஒராள்! ஓடி வந்து சேர பன்னிரண்டு நாப்பது, கரி மூட்டிச் சாம்பல் பூத்து மீன் வைக்கிற சூடு வர இன்னும் அரை மணித்தியாலத்துக்கு மேல. கசியர் மேசையில ஒருத்தரும் இல்லை, அக்கா தான் கேட்ட மாற்றம் எண்டபடியா நிம்மதியாக் கோயிலுக்குப் போட்டா, தங்கச்சிக்குத் தான் காலையில வரவேணும் எண்டதே தெரியாது. அதால மனேஜர் அண்ணாவே கசியர் மேசையில குந்த, மேசைகளைப் பாக்க ஆளில்லை. ஓஃபில இருந்து கூப்பிட்ட வெயிட்டர் வரவேயில்லை, அவர் குரூப்பை மியூட்டில வச்சிருந்தவர், ஓஃப் நாளுக்கு முதல் நாள் குரூப்பைப் பாக்கிறதுமில்லை. அன்ரி மூண்டு மணிக்கு வழமை போல பையை எடுத்துக்கொண்டு போட்டா, அவவிட்ட இருக்கிறது பட்டன் போன், வட்ஸ்அப் மகளின்ர போனில. 35 பேருக்கும் சாப்பாடு போகேக்க ரெண்டு மணி தாண்டீட்டுது.

நாலு மாற்றத்தில ஒண்டும் முழுசாப் போய்ச் சேரேல்லை, பாதி போய்ச் சேர்ந்தது ஒண்டு.

அடுத்த நாள் முதலாளி சொன்னது "பெடியள் மெசேஜ் வாசிக்கிறதில்லை" எண்டு. எனக்கு அது சரியாப் படேல்லை, ஏனெண்டா கிரில் தம்பி வாசிச்சவர். மெசேஜைத் திறந்து, போட்டோவைப் பெருப்பிச்சு, தன்ர வரியைப் பாத்து, பெருவிரலும் போட்டவர். அவர் பாத்தது எதை எண்டு கேட்டா, காலரியில அதுக்கு முதல் ஞாயிறு சேவ் பண்ணி வச்ச போட்டோவை. புதுசு வந்ததும் "இது ஞாயிறு போட்டதுதானே, திரும்பப் போட்டிருக்கிறார்" எண்டு நினைச்சு, தன்ர நேரத்தைப் பழைய போட்டோவில பாத்திட்டு ஓகே போட்டிருக்கிறார். ரெண்டு போட்டோவையும் பக்கத்தில வச்சு நான் பாத்தனான், எனக்கே எது புதுசு எண்டு தெரியேல்லை. மேல "4 ஆகஸ்ட் – 10 ஆகஸ்ட்" எண்டது ரெண்டிலயும் ஒண்டு. கலர் ஒண்டு. 91 எழுத்தில தம்பியின்ர வரியில பி ஏயா மாறினது ஒரு கட்டம். அதைக் கண்டுபிடிக்கிற வேலையை அனுப்பினவர் செய்யாமல் 13 பேரின்ர தலையில போட்டாச்சு, அதுவும் இரவு பதினொரு மணிக்கு, வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு ஓடுற நேரத்தில.

அடுத்தது பெருவிரல். இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேணும். அந்த ஒன்பது பெருவிரலையும் போட்ட ஆக்களிட்ட ஒவ்வொருத்தராக் கேட்டனான், என்ன நினைச்சுப் போட்டது எண்டு. சிலபேர் "மெசேஜ் வந்தது" எண்டு போட்டவை. சிலபேர் "பாத்தன், எனக்கு மாற்றமில்லை" எண்டு போட்டவை. ஜூஸ் தம்பி "மற்ற எல்லாரும் போட்டவை, நான் போடாட்டி அண்ணா கேப்பார்" எண்டு போட்டவர். கசியர் அக்கா ஒராள்தான் "என்ர மாற்றத்தைப் பாத்தன், அதுக்கு வருவன்" எண்ட கருத்தில போட்டது. மனேஜர் அண்ணா ஒன்பதையும் இந்தக் கடைசிக் கருத்திலதான் எடுத்தவர். வட்ஸ்அப்பில மெசேஜ் இன்ஃபோவுக்குள்ள போனா ஆர் வாசிச்சது எண்டு பேர் பேராக் காட்டும், அதை நம்பலாமே எண்டும் ஒருவர் கேட்டார். அது மெசேஜ் ஸ்கிரீனில தெரிஞ்சது எண்டதை மட்டும்தான் காட்டும், 91 கட்டத்தில தன்ர கட்டத்தைப் பாத்தாரா எண்டதைக் காட்டாது. குரூப்பில நீலச் சரி வாறதெண்டா எல்லாரும் வாசிச்சிருக்கவேணும், அன்ரியின்ர மகள் போனை ஓஃப் பண்ணி வச்சா கடைசி மட்டும் நீலம் வராது, அதால அதை வச்சும் ஒண்டும் செய்யேலாது.

அந்தக் கிழமைக்குப் பிறகு மெசேஜ் மாறினது. ஒரே நாளில வந்த யோசனை இல்லை, குசினி வாசலில நிண்டு கதைச்சுக் கதைச்சு வந்தது, அதில என்ர பங்கு வரவுப் புத்தகத்தைக் காட்டினது மட்டும்தான்.

முதலாவது, போட்டோ நிண்டது எண்டு இல்லை. முழு ரொஸ்டரையும் குசினிக் கதவில ஒட்டுறது, குரூப்பிலயும் போடுறது. ஆனா மாற்றத்தை எப்பவும் எழுத்தில, தனி மெசேஜா, மாறின ஆளின்ர பேரில தொடங்கி எழுதுறது. நாளில தொடங்கிறதில்லை, பேரில தொடங்கிறது, ஏனெண்டா மெசேஜைத் திறக்கிற ஆள் முதல் தேடுறது தன்ர பேரை. பழைய நேரமும் புது நேரமும் ஒண்டுக்குக் கீழ ஒண்டு. பழையதை ஏன் எழுதவேணும், புதுசு மட்டும் காணாதா எண்டு அண்ணா கேட்டவர். கிரில் தம்பியின்ர விசயத்தை யோசிச்சுப் பாருங்கோ, புது நேரத்தை மட்டும் எழுதினா அது தனக்கு முதலே தெரிஞ்சதுதான் எண்டு கண் ஓடிப்போகும், "முந்தி பின்னேரம் 5" எண்டு பக்கத்தில கிடந்தாத்தான் அந்த அஞ்சு இனி இல்லை எண்டு மண்டையில ஏறும். பழைய நேரத்துக்குக் குறுக்கால கோடு போட்டும் பாத்தம், வட்ஸ்அப்பில அந்த வசதி இருக்கு, ஆனா ஸ்கிரீன் வெடிச்ச போனில 5 எது 6 எது எண்டு தெரியேல்லை, விட்டாச்சு. ஏ, பி, சி எழுத்துகளும் போச்சு. புதுசா வந்த பெடியன் ஒராளுக்கு சி எண்டா என்ன எண்டே ஒருத்தரும் சொல்லித் தரேல்லையாம், மூண்டு மணிக்குப் போய்ப் பிறகு வராமல் இருந்ததுக்கு அவருக்கு ஏச்சு விழுந்திருக்கு. இப்ப மணியைத்தான் எழுதுறது, அதுவும் வெறும் 10 இல்லை, காலை 10 அல்லது இரவு 10.

ஆகஸ்ட் 14 வியாழன் போன மாற்ற மெசேஜ் இது. பேர் இருந்த இடத்தில வேலையைப் போட்டிருக்கிறன், மிச்சம் போனபடி.

```
*மாற்றம் – ரொஸ்டர் நம்பர் 2*
11/8 திங்கள் – 17/8 ஞாயிறு
(அனுப்பினது 14/8 வியாழன், பின்னேரம் 4)
மாறினது 3 பேருக்கு. மற்ற 10 பேருக்கும் மாற்றம் இல்லை.

*கிண்ணியா வெயிட்டர்* 16/8 சனி
முந்தி: பின்னேரம் 5 – இரவு 11
இப்ப: ஓஃப்

*கந்தளாய் வெயிட்டர்* 16/8 சனி
முந்தி: காலை 10 – பின்னேரம் 6
இப்ப: பின்னேரம் 3 – இரவு 11

*ஜூஸ்* 16/8 சனி
முந்தி: ஓஃப்
இப்ப: பின்னேரம் 5 – இரவு 11 (ஓ.டி 6 மணி)

இந்த 3 பேரும் உங்கட புது நாளையும் நேரத்தையும் எழுதி அனுப்புங்கோ. ஓகே, விரல் வேண்டாம்.
வர ஏலாட்டி எனக்குத் தனிய எழுதுங்கோ.
கடைசி நேரம்: 15/8 வெள்ளி பகல் 12. வராட்டி போன் எடுப்பன்.
```

காரணம் மெசேஜில இல்லை எண்டதைக் கவனியுங்கோ. கிண்ணியாத் தம்பியின்ர வீட்டில கலியாண அலுவல் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா எழுதினா அதைப் பற்றி இருபது மெசேஜ் வரும், நேரம் அதுக்குள்ள மறைஞ்சு போகும்.

"நம்பர் 2" எண்டது சின்ன விசயம் மாதிரி இருக்கும், ஆனா கிரில் தம்பியின்ர காலரிப் பிரச்சினைக்கு மருந்து அதுதான். கதவில ஒட்டியிருக்கிற தாளிலயும் அதே நம்பர், நம்பர் 2 போனதும் நம்பர் 1 தாளைக் கிழிக்கவேணும். குரூப்பின்ர உச்சியில நம்பர் 2ஐ ஏழு நாள் நிக்கிற மாதிரி "பின்" பண்ணி, முதல் "பின்" பண்ணினதை எடுத்து விடுறது. போட்ட மெசேஜை எடிட் பண்ணித் திருத்திறதை அடியோட நிப்பாட்டினம். வட்ஸ்அப்பில எடிட்டுக்கு 15 நிமிசம்தான் தருவான், அதை விட மோசம் என்னெண்டா எடிட் பண்ணினா புது மெசேஜ் வந்த மாதிரி போன் சத்தம் போடாது, முதலாவது நிமிசத்தில வாசிச்ச ஆள் பழையதோட வீட்டை போயிருவார். பிழை விட்டா நம்பர் 3 எண்டு புதுசாப் போடுறதுதான்.

இனிப் பதில்கள். ஜூஸ் தம்பி பத்து நிமிசத்தில அனுப்பினவர்: "சனி காலை 10 – 6 ஓகே அண்ணா". பிழை! கந்தளாய் வெயிட்டரின்ர பழைய வரியைத் தன்ர எண்டு நினைச்சிட்டார். பெருவிரல் முறையில இருந்திருந்தா இது ஒரு பெருவிரல்தான், சனிக்கிழமை காலை பத்துக்கு வந்து நிண்டு பின்னேரம் ஆறுக்கு வெளிக்கிட்டிருப்பார், இரவு கூட்டம் வாற நேரம் ஜூஸ் பக்கம் ஆளில்லை. எழுதச் சொன்னபடியா வியாழனே பிடிபட்டது, அண்ணா "தம்பி திரும்பப் பார், பின்னேரம் 5" எண்டு எழுத, அவர் "16 சனி பின்னேரம் 5 – 11" எண்டு திரும்ப எழுதினவர். நான் இந்த முறையில நம்பிக்கை வச்சது அந்த ரெண்டு வரியைக் கண்ட பிறகுதான், முதல் நானும் பெரிய ஆக்களைப் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி எழுத வைக்கிறம் எண்டுதான் நினைச்சனான்.

கந்தளாய் வெயிட்டர் சிங்களப் பெடியன், தமிழ் நல்லாக் கதைப்பார், வாசிக்கிறது மெதுவா. அவர் அனுப்பினது "16/8 3-11". அது காணும். திகதியையும் மணியையும் இலக்கத்தில எழுதினதால அவருக்கு மெசேஜின்ர முக்கியமான பகுதி வாசிக்காமலே விளங்கீட்டுது, முந்தி இப்ப எண்ட ரெண்டு சொல்லை மட்டும் அவருக்குச் சொல்லிக் குடுத்தது. ஆனா கொஞ்ச நேரத்தில தனிய இன்னொரு மெசேஜ் அண்ணாவுக்குப் போட்டவர், இரவு 11க்கு முடிச்சா ஊருக்குப் போக பஸ் இல்லை, அண்டைக்கு மட்டும் ஏலாது எண்டு. இதை நான் முறை வேலை செய்தது எண்டுதான் கணக்கெடுக்கிறன். பாத்தன் எண்டதும் வருவன் எண்டதும் ரெண்டு வேற விசயம், ரெண்டையும் ஒரு ஓகேக்குள்ள அடைச்சா ஏலாத ஆள் பேசாமல் இருந்திட்டு அண்டைக்கு வராமல் விடுவார். அதுவும் குரூப்பில எல்லாருக்கும் முன்னால "ஏலாது" எண்டு எழுத ஆருக்கு மனம் வரும், புதுசா வந்த பெடியனுக்கு வரவே வராது. அதாலதான் ஏலும் எண்டா குரூப்பில, ஏலாது எண்டா தனிய. அண்ணா அவரைச் சனி இரவு கடை அறையில படுக்கச் சொல்ல, சரி எண்டு போட்டது.

மூண்டாவது ஆள், கிண்ணியாத் தம்பி, பதிலே போடேல்லை. ஓஃப் கேட்ட ஆளே அவர்தானே, அவருக்குத் தெரியாமலா எண்டு விட்டிருக்கலாம். ஆனா வெள்ளி பன்னிரண்டுக்கு ஜும்மாவில நிப்பார் எண்டதை அந்தக் கடைசி நேரத்தை எழுதேக்க ஒருத்தரும் யோசிக்கேல்லை, ரெண்டு மணிக்குப் பிறகு போன் எடுத்துக் கேட்டது, "ஓம் அண்ணா சனி ஓஃப்" எண்டார், புத்தகத்தில "போன்" எண்டு எழுதியாச்சு. அதுக்குப் பிறகு கடைசி நேரம் பகல் பன்னிரண்டு இல்லை, காலை 11.

அந்தப் புத்தகம் வேற ஒண்டுமில்லை, கசியர் மேசையில கிடக்கிற பழைய பில் புத்தகத்தின்ர பின்பக்கம். மாறின ஆள், எழுதி வந்ததா போனில சொன்னதா, எத்தனை மணி. ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி. கசியர் மேசையில ஆர் இருக்கினமோ அவைதான் பாக்கிறது, வரி வெறுமையா இருந்தா அண்ணாவிட்ட சொல்லுறது. முந்தி இது அண்ணாவின்ர தலைக்குள்ள இருந்தது, அவர் சந்தைக்குப் போனா அதுவும் சந்தைக்குப் போயிரும்.

நானே முதலில சண்டை பிடிச்ச இடம் ஒண்டு இருக்கு: மாற்றம் இல்லாத பத்துப் பேரும் பதில் போடவேணுமா? முதலாளி எல்லாரும் போடவேணும் எண்டு நிண்டவர். கிழமை ரொஸ்டர் சனிக்கிழமை பின்னேரம் போகேக்க எல்லாரும் போடவேணும், அது சரி, அதில ஒவ்வொருத்தரும் தன்ர ஓஃப் நாளை மட்டும் எழுதினா காணும், ஏழு நாளையும் எழுதச் சொன்னா ஒருத்தரும் செய்ய மாட்டினம். ஓஃப் நாள் ஏன் எண்டா, வராமல் போறதும் தேவையில்லாமல் வாறதும் கூடுதலா ஓஃப் நாளில்தான் நடக்குது எண்டு புத்தகம் காட்டினது. ஆனா நடுக்கிழமையில வாற மாற்றத்துக்கு மாறின ஆக்கள் மட்டும்தான். தன்னைத் தொடாத மெசேஜுக்குப் பதில் போடச் சொல்லிச் சொல்லிப் பழக்கினா, ஆக்கள் வாசிக்காமல் பதில் போடப் பழகுவினம், பிறகு தன்னைத் தொடுற மெசேஜ் வரேக்கயும் அதே கைதான் வரும். "மற்ற 10 பேருக்கும் மாற்றம் இல்லை" எண்ட வரி அவைக்காகத்தான், தேடிக் களைக்காமல் போனை வைக்கலாம்.

ஆளை ஆள் மாத்திக்கொள்ளுற சங்கதிக்குத் தனி விதி. ரெண்டு பேரும் எழுதும் மட்டும் பழைய ரொஸ்டர்தான் செல்லும். கசியர் அக்கா கேட்டவ, அவவுக்குத் தெரியும், ஆனா தங்கச்சி எழுதேல்லையெண்டா அக்காதான் காலையில வரவேணும். கொஞ்சம் கறாராத் தெரியும், ஆனா இதால என்ன நடக்குது எண்டா, ஓஃப் வேணும் எண்டு கேட்ட ஆளே மற்றவருக்குப் போன் எடுத்து "தங்கச்சி ஒருக்கா எழுதிவிடும்மா" எண்டு கெஞ்சுறா, மனேஜர் துரத்தத் தேவையில்லை.

ஓ.டி மணியை, அதாவது மேலதிக நேரத்தை, மெசேஜில போடுறதைப் பற்றியும் சொல்லவேணும். 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாப்பாட்டு நேரத்தை விட்டு ஒரு நாளைக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி, அதுக்கு மேல கிழமைக்கு 12 மணி மட்டும் ஓ.டி, சம்பளம் ஒண்டரை மடங்கு. நடுக்கிழமையில ஆளை மாத்தேக்க ஆரின்ர 45 தாண்டுது எண்டு அந்த நிமிசத்தில ஒருத்தரும் பாக்கிறதில்லை, மாச முடிவில என்ர மேசைக்கு வந்துதான் வெடிக்கும். "(ஓ.டி 6 மணி)" எண்டு மாற்றத்திலயே எழுதினா, எழுதிற ஆளும் ஒருக்கா கூட்டிப் பாக்கவேணும், வாசிக்கிற ஆளுக்கும் எதுக்கு ஓம் எண்டுறன் எண்டு தெரியும். ஜூஸ் தம்பி ஓஃப் நாளில வரச் சம்மதிச்சதுக்குப் பாதிக் காரணம் அந்த ஆறு எண்டுதான் நினைக்கிறன். பறிபோன ஓஃபுக்குப் பதில் ஓஃப் எப்ப எண்டதையும் அதே மெசேஜில எழுதவேணும் எண்டு நான் கேட்டனான், அது இன்னும் நடக்கேல்லை.

இந்த எழுத்துப் பதிலை வச்சு முதலாளி ஒருக்கா ஒராளின்ர சம்பளத்தில கழிக்கப் பாத்தவர், "நீ எழுதித் தந்தனீ, பிறகு ஏன் பிந்தினனீ" எண்டு. மனேஜர் அண்ணா விடேல்லை. விட்டிருந்தா அடுத்த கிழமை ஒருத்தரும் எழுதியிருக்க மாட்டினம், "நெட் இல்லை அண்ணா" எண்டு பதின்மூண்டு பேரும் ஒரே குரலில சொல்லியிருப்பினம். பதில் எடுக்கிறது ஆள் வருமா வராதா எண்டு நேரத்தோட தெரியிறதுக்கு, பிடிச்சுக் குடுக்கிறதுக்கில்லை.

வட்ஸ்அப்பில வாக்கெடுப்பு வச்சும் ஒரு கிழமை பாத்தம், "பாத்திட்டன் / ஏலாது" எண்டு ரெண்டு தெரிவு. ஆர் அமத்தினது எண்டு பேரோட வரும், வடிவாத்தான் இருந்தது. ஆனா அமத்திறது திரும்பவும் பெருவிரல்தான், ஜூஸ் தம்பியின்ர மாதிரிப் பிழையை அது பிடிக்காது.

அன்ரியின்ர பிரச்சினைக்கு மெசேஜில மருந்தில்லை. மகளின்ர போனுக்கு அனுப்பி மகள் பதில் எழுதினா, எழுதினது மகள், வரவேண்டியது அன்ரி. அதால அவவுக்கு மாற்றம் எண்டா அண்ணா முகத்துக்கு நேர சொல்லுறது, அல்லது பட்டன் போனுக்கு எடுக்கிறது, "எத்தனை மணி மட்டும் நிக்கவேணும் அன்ரி" எண்டு திருப்பிக் கேட்டு அவவின்ர வாயால வந்த பிறகுதான் புத்தகத்தில எழுதுறது. 24 மணித்தியாலத்துக்குள்ள வாற மாற்றத்துக்கும் எல்லாருக்கும் இதே முறைதான், முதல் போன், பிறகு பதிவுக்கு மெசேஜ். நாளைக்குக் காலையில வா எண்டு இரவு பதினொண்டுக்கு எழுதிப்போட்டு பதிலுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை.

செப்டம்பர் முடிய சீசன் குறையும், நவம்பரில வாடைக்காத்து மழை தொடங்கினா கடற்கரைப் பக்கம் சனமே இல்லை, 13 பேர் 6 பேராகும். அப்ப மாற்றம் வாறது காலையில வானத்தைப் பாத்துத்தான், மழை இறுக்கினா மத்தியானத்துக்கு ஆள் வேண்டாம், வெயில் எறிச்சா வேணும். அதுக்கு முந்தி இப்ப எண்டு எழுதி நம்பர் போட நேரம் இருக்காது. அந்த மாதங்களில சனிக்கிழமை மெசேஜ் மட்டும் போகும், அதில ஒவ்வொரு நாளுக்கும் நிச்சயமா வரவேண்டிய மூண்டு பேரும், காலை 9 மணிக்குப் போனை எடுத்தா மட்டும் வாற ஒராளும் எண்டு எழுதியிருக்கும். போன் வராட்டி அவர் வரத்தேவையில்லை, அப்பிடிக் காத்திருக்கிற நாளுக்கு அரை நாள் காசு குடுக்கிறதா இல்லையா எண்டதுதான் இப்ப முதலாளியோட போய்க்கொண்டிருக்கிற கதை.